வங்கிக் கடன் அனுமதிக் கடிதம்: குடும்பத் தொழில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். அப்பாவும் இரண்டு மகன்களும் கூட்டாளிகள். உத்யம் பதிவில் சிறுதொழில். புதிதாக இரண்டு சி.என்.சி. இயந்திரங்கள் வாங்க வங்கி 48 லட்ச ரூபாய் டெர்ம் லோனும், அன்றாட ஓட்டத்துக்கு 25 லட்ச ரூபாய் கேஷ் கிரெடிட் எனும் சி.சி. வரம்பும் அனுமதித்திருக்கிறது. கொளத்தூரில் அம்மா பேரில் இருக்கும் வீடு அடமானம். கடிதம் பதினோரு பக்கம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு எடுத்துக்காட்டை வைத்துத்தான். உங்கள் கடிதத்தில் தொகை வேறாக இருக்கும், வாசகங்கள் பெரும்பாலும் இவைதான்.

பதினோரு பக்கத்தையும் படிச்சா தலை சுத்துது. இதுல எனக்கு வேண்டியது என்ன, ஒரு பக்கத்துல சொல்லுங்களேன்?

இதோ சுருக்கம். டெர்ம் லோன் 48 லட்சம். இயந்திரங்களின் விலை 64 லட்சம், அதில் 16 லட்சம், அதாவது 25 விழுக்காடு, உங்கள் கைப்பணம். இதைத்தான் மார்ஜின் என்று எழுதியிருக்கிறார்கள். வட்டி இப்போதைக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்கும். முதல் பட்டுவாடா தேதியிலிருந்து 6 மாதம் அசலுக்கு விடுமுறை. அதன் பிறகு 60 மாதம், மாதம் 80,000 ரூபாய் அசலும் அந்த மாத வட்டியும். சி.சி. 25 லட்சம், ஓராண்டுக்கு, மாதாமாதம் சரக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இரண்டு கடனுக்கும் சேர்த்து இயந்திரங்கள், சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொளத்தூர் வீடு ஆகிய அனைத்தும் ஈடு. மூன்று கூட்டாளிகளும் அம்மாவும் தனிநபர் ஜாமீன்.

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது வட்டி விகிதத்தின் மேல். அரை விழுக்காட்டுக்காக மேனேஜரோடு மூன்று வாரம் பேசுவார்கள். ஆனால் இந்த அளவு தொழில்களை மூச்சுத் திணற வைப்பது பெரும்பாலும் தேதிகள்: பணம் எந்தத் தேதியில் வெளியே வருகிறது, விடுமுறை எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, முதல் தவணை எந்தத் தேதியில் விழுகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் பாதி இடத்தைத் தேதிகளுக்கே கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாசம் ஹாலிடேன்னு போட்டிருக்கே, அதுவரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்தானே?

கட்ட வேண்டும். விடுமுறை அசலுக்கு மட்டும். அதே பத்தியில் இரண்டு வரி தள்ளி, "இன்ட்ரஸ்ட் டு பி சர்வீஸ்டு ஆஸ் அண்ட் வென் டெபிட்டட்" என்றொரு வாசகம் இருக்கும். மாதக் கடைசியில் வட்டியைக் கணக்கில் பற்று எழுதிய அன்றே அது செலுத்தவேண்டிய பாக்கியாகிவிடுகிறது என்பது இதன் பொருள்.

நம் எடுத்துக்காட்டில் ஜூலை 10ஆம் தேதி, இயந்திரம் விற்பவருக்கு முன்பணமாக 14.40 லட்சத்தை வங்கி நேராக அனுப்புகிறது. ஜூலை 31 அன்று எட்டாயிரத்துச் சொச்சம் வட்டி எழுதப்படும். ஆகஸ்டு, செப்டம்பரில் சுமார் 12,000. அக்டோபர் 10 அன்று மீதி 33.60 லட்சமும் போய்விட்டால் அந்த மாத வட்டி 32,000ஐத் தாண்டும். நவம்பர், டிசம்பரில் 40,000 அளவில் வரும். ஆக, இயந்திரம் ஒரு உருப்படியைக்கூடத் தருவதற்கு முன்னால், டிசம்பர் முடிய ஏறக்குறைய 1,45,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருப்பீர்கள். இந்தத் தொகை திட்ட அறிக்கையில் பல நேரம் இடம்பெறுவதே இல்லை. பழைய இயந்திரங்களின் வருமானத்திலிருந்துதான் எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

சில கடிதங்களில் விடுமுறைக்கால வட்டியையும் தள்ளிவைத்து, அசலோடு சேர்த்துக்கொள்வதாக எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் அந்த மாதங்களில் உண்மையிலேயே எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் வட்டிக்கு வட்டி ஏறும், தவணையும் அதற்கேற்பக் கூடும். உங்கள் கடிதத்தில் இரண்டில் எது என்பதை வாசகத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மேனேஜர் "ஆறு மாசம் ஃப்ரீ சார்" என்று வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.

அந்த எட்டாயிரத்தை கவனிக்காம விட்டுட்டா என்ன பெரிசா ஆகிடும்?

ஜூலை 31 அன்று எழுதிய வட்டி அன்றைய நாள் முடிவுக்குள் வராவிட்டால், அன்றே கணக்கு பாக்கி வகையில் சேர்கிறது. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தந்த விளக்கத்தின்படி நாள் எண்ணுவது அந்தத் தேதியிலிருந்தே. ஆகஸ்டு 30 அன்று அது எஸ்.எம்.ஏ.-1 என்ற எச்சரிக்கை வகை, செப்டம்பர் 29 அன்று அதற்கு அடுத்த கட்டமான எஸ்.எம்.ஏ.-2, அக்டோபர் 29 அன்று என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். இடையில் யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. நாள் கணக்கை வைத்துக் கணினியே வகைப்படுத்திவிடுகிறது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, வகைப்படுத்துவது கடன்வாரியாக இல்லை, கடனாளிவாரியாக. டெர்ம் லோனில் எட்டாயிரம் நின்றதற்காக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சி.சி. கணக்கும் சேர்ந்தே என்.பி.ஏ. ஆகும். சரக்கு வாங்கவும் சம்பளம் போடவும் எடுக்கும் பணம் அங்கேயே நிற்கும். இரண்டாவது, அதிலிருந்து வெளியே வர ஒரு பகுதியைக் கட்டினால் போதாது, நிலுவையில் இருக்கும் வட்டி, அசல் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகே கணக்கு மறுபடி ஒழுங்கான வகைக்குத் திரும்பும். என்.பி.ஏ. ஆனபின் வங்கி நினைத்தால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். அந்த நோட்டீஸ் கொளத்தூர் வீட்டு முகவரிக்கும் போகும்.

இதைத் தடுப்பது எளிது. டெர்ம் லோன் வட்டியையும் தவணையையும் எந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று நிலையான உத்தரவை எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி காலையில் டெர்ம் லோன் கணக்கின் அறிக்கையை எடுத்து, முந்தின நாள் எழுதிய வட்டி வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சி.சி. அறிக்கையை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். டெர்ம் லோன் கணக்கைத் தவணை ஆரம்பிக்கும்வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிசகு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதல் தவணை எப்போ வரும்? மெஷின் ஓட ஆரம்பிச்ச பிறகுதானே?

கடிதத்தில் "ஃப்ரம் தி டேட் ஆஃப் ஃபர்ஸ்ட் டிஸ்பர்ஸ்மென்ட்", அதாவது முதல் பட்டுவாடா தேதியிலிருந்து என்று இருந்தால், இயந்திரம் வந்ததா ஓடியதா என்பதற்கும் தவணைக்கும் தொடர்பே இல்லை. ஜூலை 10 அன்று முன்பணம் போன நிமிடத்திலேயே ஆறு மாதம் ஓடத் தொடங்கிவிட்டது. ஜனவரி 10 அன்று விடுமுறை முடிகிறது. ஜனவரி 31 அன்று முதல் தவணை: அசல் 80,000, வட்டி சுமார் 40,000, மொத்தம் 1,20,000.

இப்போது பட்டறைப் பக்கமிருந்து எண்ணிப் பாருங்கள். மீதிப் பணம் போவது அக்டோபர் 10. இயந்திரம் வந்து இறங்க அக்டோபர் கடைசி. அடித்தளம், மின் இணைப்பு, பொருத்துதல், சோதனை ஓட்டம் என்று நவம்பர் போய்விடும். உங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனி மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தர இன்னும் இரண்டு மூன்று வாரம். முதல் பில் டிசம்பர் நடுவில் என்று வைப்போம். அவர்கள் பணம் தருவது 75 நாள் அளவில். பிப்ரவரி கடைசிக்கு முன் புது இயந்திரத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு தவணையும், அதாவது 2,40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக, பழைய வருமானத்திலிருந்து போக வேண்டும். முதல் சில மாதம் புது இயந்திரம் முழுத் திறனில் ஓடாது என்பதையும் சேர்த்தால், மார்ச் தவணைக்கும் இழுபறிதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. விடுமுறையை 9 மாதமாகக் கேட்கலாம். அல்லது, விடுமுறை கடைசிப் பட்டுவாடா தேதியிலிருந்து எண்ணப்படும் என்று மாற்றித் தரச் சொல்லலாம். மூன்று மாதம் கூடுவதற்கு மாதம் 40,000 வீதம் 1,20,000 ரூபாய் வட்டி கூடுதலாகும், சும்மா கிடைப்பதில்லை. இருந்தாலும் இந்தப் பட்டறைக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஐந்தரை ஆண்டில் பரவும் ஒரு லட்சத்துச் சொச்சத்தைத் தாங்கலாம். ஜனவரியில் ஒரே மாதத்தில் 1,20,000 இல்லாமல் நிற்பதைத் தாங்க முடியாது.

கேட்பது எதுவானாலும் முதல் பட்டுவாடாவுக்கு முன்பே கேளுங்கள். முன்பு கேட்டால் அது நிபந்தனைத் திருத்தம். கிளை மேனேஜரோ மண்டல அலுவலகமோ ஒரு திருத்தக் கடிதம் கொடுத்தால் முடிந்தது. பணம் எடுத்து, தவணை கட்ட முடியாமல் தவித்து, அப்புறம் தள்ளிவைக்கக் கேட்டால் அதன் பெயர் மறுசீரமைப்பு. பணநெருக்கடிக்காகத் தரும் அந்தச் சலுகை பெரும்பாலும் கணக்கை என்.பி.ஏ. வகைக்கே இறக்கிவிடும். ஒரே கோரிக்கைதான், தேதி மாறினால் விளைவு மாறிவிடுகிறது.

எங்க மச்சான் வீட்டுக் கடன் மாதிரி ஒரே தொகையா இ.எம்.ஐ. கட்டுறார். எனக்கு ஏன் மாசாமாசம் தொகை மாறுது?

உங்களுக்குக் கொடுத்திருப்பது சம அசல் முறை. அசல் எப்போதும் 80,000. நிலுவை குறையக் குறைய வட்டி மாதம் சுமார் 667 ரூபாய் இறங்கும். முதல் தவணை 1,20,000, கடைசித் தவணை 80,667. அறுபது மாதத்தில் வட்டி 12,20,000 அளவில் வரும்.

இதே 48 லட்சத்தை 10 விழுக்காட்டில் 60 மாத இ.எம்.ஐ.யாகப் போட்டால் மாதம் சுமார் 1,01,986. மொத்த வட்டி 13,19,000. அதாவது ஒரு லட்சம் கூடுதல், ஆனால் தொடக்க மாதங்களில் கையிலிருந்து போவது 18,000 குறைவு. உங்கள் தவணை இ.எம்.ஐ.யைவிடக் கீழே இறங்குவது 29ஆவது மாதத்தில்தான். எனவே முதல் இரண்டு ஆண்டு உங்களுக்குக் கனமாகவும், பின் பாதி இலேசாகவும் இருக்கும். ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குச் சம அசல் முறை நல்லது என்பது என் எண்ணம். புதிதாக ஆர்டர் பிடித்துத்தான் இயந்திரத்தை நிரப்ப வேண்டும் என்கிற நிலையென்றால், மாறும் தவணை வேண்டும் என்று கேட்கலாம்: முதல் ஆண்டு அசல் 50,000, பிறகு கூடுதல் என்று படிப்படியாக. வங்கிகள் இதற்கு மறுப்புச் சொல்லவே மாட்டார்கள் என்றில்லை, ஆனால் பணவரவுக் கணக்கை எழுதிக் கொடுத்துக் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கடிதத்தின் இணைப்பில் தவணை அட்டவணை இருக்கும். மொத்தக் காலம் என்று 66 மாதம் போட்டிருந்தால், அதில் விடுமுறை 6 மாதமும் அடக்கம். சில கடிதங்களில் முன் பக்கத்தில் 60 மாதம் என்றும் இணைப்பில் 54 தவணை என்றும் இருக்கும். அப்போது அசல் தவணை 80,000 அல்ல, 88,889. இந்த ஒரு வகுத்தலை நீங்களே போட்டுப் பாருங்கள்: கடன் தொகையைத் தவணை எண்ணிக்கையால் வகுத்தால் அட்டவணையில் இருக்கும் எண் வர வேண்டும்.

ரெப்போ ஏறினா என் தவணையும் ஏறுமா?

ஏறும், குறைந்தால் இறங்கவும் வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அது ரெப்போ. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது விகிதத்தைத் திருத்தியாக வேண்டும். வட்டி அரை விழுக்காடு ஏறினால் 48 லட்சத்துக்கு மாதம் 2,000 கூடும். பட்டறையை அது கவிழ்த்துவிடாது.

கவனிக்க வேண்டியது ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் பங்கு. கடிதத்தில் உள் மதிப்பீடு பற்றி ஒரு வரி இருக்கும். ஆண்டுதோறும் உங்கள் கணக்கு வழக்கைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் நன்றாக இறங்கினால் அந்தப் பங்கு உயரும். சரக்கு அறிக்கை தாமதம், திரும்பிய காசோலைகள், தணிக்கை செய்த கணக்கைத் தாமதமாகக் கொடுப்பது ஆகியவை மதிப்பெண்ணைக் குறைப்பவை. இன்னொன்று: தாமதத்துக்கான தண்டத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்து விதிக்க இப்போது அனுமதி இல்லை. 2024 ஏப்ரல் 1க்குப் பின் வந்த கடன்களில் அது தனிக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும், அதன் மேல் மறுபடி வட்டி ஏறக் கூடாது. பழைய படிவத்தையே எடுத்து "பீனல் இன்ட்ரஸ்ட் 2 விழுக்காடு" என்று அச்சடித்திருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

சி.சி. லிமிட் 25 லட்சம்னு இருக்கு, ஆனா 21 லட்சத்துக்கு மேல எடுக்க விடலையே?

25 லட்சம் என்பது உச்சவரம்பு. எந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை டிராயிங் பவர் முடிவு செய்கிறது, அது நீங்கள் கொடுக்கும் சரக்கு அறிக்கையிலிருந்து வருகிறது. உங்கள் கடிதத்தில் சரக்குக்கு 25 விழுக்காடு, வரவேண்டிய பாக்கிக்கு 40 விழுக்காடு மார்ஜின், 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கி சேராது என்று இருக்கிறது.

கிடங்கில் சரக்கு 22 லட்சம். அதில் இரும்புக் கடைக்குக் கொடுக்க வேண்டியது 6 லட்சம், அதைக் கழித்தால் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு 16 லட்சம். கால் பங்கு போக 12 லட்சம். வரவேண்டிய பாக்கி 20 லட்சம், அதில் 5 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது, மீதி 15. நாற்பது விழுக்காடு போக 9 லட்சம். ஆக 21 லட்சம். ஒரு வாடிக்கையாளர் 5 லட்சத்தை இழுத்தடிப்பதால் உங்களுக்கு 3 லட்சம் டிராயிங் பவர் போகிறது.

இது டெர்ம் லோனோடு எங்கே முட்டுகிறது என்றால், தவணை எடுப்பது இதே சி.சி.யிலிருந்து. 21 லட்சத்தையும் தொட்டு நிற்கும்போது மாதக் கடைசியில் 1,20,000 தவணைக்கு இடம் இருக்காது. கணக்கு ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தவணை பாக்கியாகிவிடும். அதனால் மாதத்தின் 25ஆம் தேதிக்குள் தவணைத் தொகைக்கு இடம் விட்டு வைப்பதைப் பழக்கமாக்குங்கள். முடிந்தால் தவணைக்கு மட்டும் தனியாக ஒரு நடப்புக் கணக்கு வைத்து, வாரம் 30,000 என்று மாற்றி வையுங்கள். வேறு வங்கியில் வேண்டாம், கடன் தந்த வங்கியிலேயே. வேறு வங்கியில் கணக்கு திறக்க அவர்கள் அனுமதி வேண்டும் என்று கடிதத்திலேயே இருக்கும்.

சரக்கு அறிக்கையைத் தள்ளிப் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய அறிக்கையை வைத்துக் கணக்கிட்ட டிராயிங் பவரில் எடுத்த பணத்தை விதிகள் ஒழுங்கற்றதாகக் கருதுகின்றன. அப்படியே 90 நாள் தொடர்ந்தால் கையில் பணம் இருந்தும் கணக்கு என்.பி.ஏ. ஆகும்.

அம்மா தொழில்ல இல்லை. வீடு மட்டும்தானே கொடுத்தோம், அவங்களை ஏன் ஜாமீன்ல கையெழுத்து போடச் சொல்றாங்க?

வீட்டின் மூலப்பத்திரத்தை ஒப்படைப்பது ஒன்று, ஜாமீன் இன்னொன்று. முதலாவதில் அம்மாவின் பொறுப்பு வீட்டின் மதிப்போடு நிற்கும். இரண்டாவதில் அவருடைய வைப்புத்தொகை உட்பட எல்லாச் சொத்துக்கும் போகும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய. அந்தக் கடைசிப் பகுதிதான் உங்களுக்குக் கதவு. அம்மாவின் ஜாமீன் கொளத்தூர் வீட்டின் மதிப்பளவுக்கு மட்டும் என்று எழுதித் தரக் கேளுங்கள். எல்லா வங்கியும் ஒத்துக்கொள்ளாது. கேட்காத குடும்பங்களுக்கு ஒருபோதும் கிடைக்காது.

கூடவே, வீடு இரண்டு கடனுக்கும் பொதுவான ஈடு என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் ஐந்தரை ஆண்டில் டெர்ம் லோன் தீர்ந்தாலும் பத்திரம் திரும்பாது, சி.சி. ஓடும்வரை வங்கியிலேயே இருக்கும். ஒப்படைப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவதால் வில்லங்கச் சான்றிலும் தெரியும். தங்கைக்கு அந்த வீட்டில் பங்கு எழுதி வைக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு இருந்தால், அதைக் கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். பிறகு வங்கியின் சம்மதமில்லாமல் எதையும் எழுத முடியாது. அம்மாவுக்கு இதை அவர் மொழியில், உட்கார வைத்து, ஒருவர் விளக்கிச் சொல்லியாக வேண்டும். கையெழுத்து வாங்கும் பரபரப்பில் இது விட்டுப்போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அண்ணி கொடுத்த 15 லட்சம் கணக்குல கடனா நிக்குது. அடுத்த வருஷம் திருப்பிக் கொடுக்கலாமா?

கடிதத்தின் பொது நிபந்தனைகளில் தேடுங்கள். "அன்செக்யூர்டு லோன்ஸ்" என்ற சொல்லோடு, உறவினர் கடன் 15 லட்சம் வங்கிக் கடன் தீரும்வரை தொழிலிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். வங்கி அந்தத் தொகையை உங்கள் முதலோடு சேர்த்துப் பார்த்துத்தான் கடனையே அனுமதித்தது. அதை எடுத்தால் நிபந்தனை மீறல். ஆண்டு இறுதிக் கணக்கில் பளிச்சென்று தெரியும், மதிப்பெண் இறங்கும், சி.சி. புதுப்பிப்பில் கேள்வி வரும்.

அண்ணியின் பெண்ணுக்குக் கல்யாணம் அடுத்த ஆண்டு என்றால் இதை இப்போதே சொல்ல வேண்டும். 15 லட்சத்தில் 8 லட்சம் மட்டும் நிற்கும், மீதி குறிப்பிட்ட ஆண்டில் திரும்பும் என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்கலாம், அதற்கேற்பக் கடன் தொகை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. பிறகு சொன்னால் குடும்பத்துக்குள் சங்கடம், வங்கியோடும் சங்கடம். கூட்டாளிகள் முதலிலிருந்து எடுப்பதற்கும், தம்பி விலகிக் கூட்டு மாறுவதற்கும் இதே மாதிரி முன் அனுமதி வேண்டும் என்று பக்கத்திலேயே இருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்சூரன்ஸ் பேங்கே எடுத்துடுவாங்களே, நான் ஏன் பார்க்கணும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றது உங்களுக்குத் தெரியும். பாலிசியில் வெள்ளத்துக்கான பாதுகாப்பு விலக்கப்படாமல் இருக்கிறதா, இடம் பட்டறை முகவரிதானா, புது இயந்திரங்கள் வந்த அன்றே சேர்க்கப்பட்டனவா என்று மூன்றை மட்டும் பாருங்கள். புதுப்பிக்கும் பொறுப்பு கடிதத்தின்படி உங்களுடையது. வங்கி எடுப்பது அதன் வசதிக்காக, எடுக்காமல் விட்டால் நட்டம் உங்களுக்கு.

கையெழுத்து போட எத்தனை நாள் டைம் இருக்கு? மேனேஜர் இன்னிக்கே போடச் சொல்றார்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான டெர்ம் லோன்களில், 2024 அக்டோபர் 1 முதல், கடிதத்தோடு முக்கிய விவர அறிக்கை ஒன்றையும் வங்கி தர வேண்டும். வட்டி, கட்டணங்கள், அவற்றைச் சேர்த்து ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு விகிதம், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடனுக்கு அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாகும். அந்த நாட்கள் நீங்கள் யோசிப்பதற்காகவே கொடுக்கப்பட்டவை. அதில் காட்டாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பின்னால் விதிக்க முடியாது. அறிக்கையையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முரண்பட்டால் மேனேஜரின் விளக்கத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

மாற்றம் வேண்டுமென்றால், முதல் தவணைத் தேதி, அம்மாவின் ஜாமீன் அளவு, உறவினர் கடன் என்று மூன்று கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் வைத்து, வங்கியின் முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் கூட்டாளிகளும் ஜாமீன்தாரரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டியிருக்கும். திருத்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு அதைப் போடுங்கள்.

ரெண்டு வருஷத்துல நல்ல ஆர்டர் வந்து மொத்தமா கட்டிட்டா அபராதம் உண்டா?

2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதித்த அல்லது புதுப்பித்த மாறும் வட்டிக் கடன் என்றால், குறு, சிறு தொழில்களிடம் வணிக வங்கிகள் முன்கூட்டியே கட்டுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் சொந்தக் கையிலிருந்து வந்ததா, வேறு வங்கிக்குக் கடனை மாற்றியதால் வந்ததா என்று பார்ப்பதும் கிடையாது. இத்தனை மாதம் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் வைக்க முடியாது. சிறு நிதி வங்கி, கிராம வங்கி போன்றவற்றுக்கு விதி வேறு, அங்கே கடன் வாங்கியிருந்தால் கடிதத்தைப் பாருங்கள். நிலையான வட்டிக் கடனுக்கும் இது அப்படியே பொருந்தாது.

பகுதியாகக் கட்டும்போது ஒன்றைச் சொல்லிக் கட்டுங்கள். 5 லட்சம் கூடுதலாகக் கட்டினால் அதைக் கடைசித் தவணைகளில் கழித்துக் காலத்தைக் குறைக்கிறீர்களா, எல்லாத் தவணையையும் குறைக்கிறீர்களா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் கட்டினால் சில வங்கிகளில் அது வரப்போகும் தவணைகளுக்கு முன்பணம் போல நின்றுவிடும். கட்டியபின் புதிய தவணை அட்டவணையை வாங்கிப் பழையதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.